ஐந்தே முக்காலுக்குத் தொடங்கும் நாள்

வேலூருக்குப் பக்கத்தில் சிறிய வீடுகள் கட்டிக் கொடுக்கும் ஒப்பந்த வேலை என்னுடையது. ஒரு சைட்டில் பதினாலு பேர் வரை இருப்பார்கள். நாலு கொத்தனார், ஐந்து சித்தாள், மூன்று பெரியாள், கம்பி வேலைக்கு இரண்டு பேர். வருடம் முழுக்க எங்கள் நேரம் காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு. என் அப்பா காலத்திலிருந்தே அதுதான் நேரம் என்பதால் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தது ஒரு பையன். ஒரு மே மாதம், தங்கை கல்யாணத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தான். வந்த இரண்டாம் நாள் மதியம் இரண்டரை மணி இருக்கும், எம்சாண்டை முதல் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். படியில் நின்று பெரிய மேஸ்திரியை வேறு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எல்லாரும் விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். அடுத்த நடையில் கால் பின்னியது, பாண்டைத் தலையிலிருந்து இறக்கத் தெரியாமல் நின்றான். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது, ஆனால் வியர்வை இருந்தது. வெயில் அடித்தால் வியர்வை நின்று தோல் காய்ந்துவிடும் என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். அதனால் மயக்கம்தான், சோடா கொடுத்தால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். நல்லவேளை, ஒரு சித்தாள் அக்கா யாரையும் கேட்காமல் கியூரிங் ஹோஸை எடுத்து அவன் மேல் தண்ணீர் பிடித்தார். நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே அட்டையால் விசிறினோம். 108 வந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்துவிட்டான்.

அங்கே டாக்டர் சொன்னதுதான் எனக்குப் பாடம். வேலை செய்துகொண்டே வெயிலில் விழுகிறவர்களுக்கு வியர்வை நிற்காமலும் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள், புத்தி தடுமாறுகிறதா என்று பாருங்கள் என்றார். பெயர் மாற்றிச் சொல்வது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது, தள்ளாடுவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே தண்ணீரை ஊற்றத் தொடங்குங்கள், வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள், சுயநினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், ஒரு வாரம் விலகி இருந்தாலே அந்தப் பழக்கம் கரையத் தொடங்கிவிடும். பத்து நாள் கல்யாண வீட்டில் நிழலில் இருந்தவனை முதல் நாளே மண் ஏற்ற விட்டது நான்தான்.

அடுத்த கோடைக்கு நேரத்தை மாற்றுவது என்று முடிவு செய்தேன். முதலில் எடுத்துக்கொண்ட முன்மாதிரி கேரளம். அங்கே ஒவ்வொரு கோடையும் தொழிலாளர் ஆணையர் உத்தரவு போடுவார். மதியம் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை கூடாது, காலை 7 முதல் மாலை 7-க்குள் எட்டு மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கத்தாரில் போர்மேனாக இருக்கும் என் மச்சானிடமும் கேட்டேன். அங்கே ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெளியில் வேலை கிடையாது என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, காலை ஆறு முதல் பதினொன்று, மாலை நாலு முதல் ஏழு என்று வைத்தேன். காகிதத்தில் சரியாக எட்டு மணி நேரம் வந்தது.

பத்து நாள்கூட ஓடவில்லை.

முதல் தவறு, அந்த நடு ஐந்து மணி நேரத்தை ஓய்வு என்று நான் நினைத்தது. மச்சான் சொன்ன ஊரில் கேம்ப் இருக்கிறது, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் ஏசி அறையில் விடுவார்கள். என் ஆட்களில் பாதிப் பேர் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்து வருகிறவர்கள். பதினொன்றுக்கு வீட்டுக்குப் போய் நாலு மணிக்குத் திரும்ப பஸ் செலவு இரண்டு மடங்கு, அதுவும் உச்சி வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். அதனால் யாரும் போகவில்லை. கட்டிக்கொண்டிருந்த வீட்டின் தளத்துக்குக் கீழே சிமெண்ட் சாக்கை விரித்துப் படுத்தார்கள். மேல்தளம் முழு வெயிலையும் வாங்கிக் கீழே அனலாக இறக்கிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு எழுந்தவர்கள் பதினொன்றுக்கு இருந்ததைவிடச் சோர்ந்து இருந்தார்கள்.

இரண்டாவது, மாலை நாலு மணி என்பது எங்கள் பக்கம் குளிர்ந்த நேரமே அல்ல. இங்கே மே மாதம் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.10-க்கு. காற்றின் வெப்பம் ஏறிக்கொண்டே போய் இரண்டு, மூன்று மணிக்குத்தான் உச்சத்தைத் தொடும். நாலு மணிக்குக் காற்று கொஞ்சம் இறங்கியிருந்தாலும் சுவர், கம்பி, சென்ட்ரிங் தகடு, மண் எல்லாம் பகல் முழுக்க வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருக்கும். கடலோரத்தில் கதை வேறு. சென்னையில் பல நாள்கள் மதியவாக்கில் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் அதோடு வெப்பம் ஏறுவது நிற்கும், ஈரப்பதம்தான் படுத்தும். அங்கே வேலை செய்யும் நண்பர் ஒருவர் மாலை நேரத்தை நன்றாகவே பயன்படுத்துகிறார். கடல்காற்று வேலூர் வரை வந்து சேர்வதற்குள் பொழுது போய்விடும், பல நாள் வருவதே இல்லை. ஒரு ஊருக்குப் பொருந்தும் நேரப்பட்டியலை இன்னொரு ஊருக்கு அப்படியே எடுத்து வரக் கூடாது என்று பத்து நாளில் புரிந்தது.

மூன்றாவது, காலை ஆறில் வந்து இரவு ஏழரைக்குக் கிளம்பினால் ஒரு மனிதன் பதின்மூன்றரை மணி நேரம் வீட்டில் இல்லை. சித்தாள் அக்காக்களில் ஒருவர் ஒன்பதாம் நாள் என்னிடம், “தம்பி, வெயில்லயே வேலை செஞ்சிடறோம், எங்களைப் பொழுதோட வீட்டுக்கு விட்டுடுங்க” என்றார். அவர் சொன்னதில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. நான் நேரத்தை மாற்றியதில் அவருக்குக் கிடைத்தது இன்னும் நீளமான நாள்.

அப்போதுதான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஜனவரியில் எங்கள் ஊரில் சூரிய உதயம் காலை 6.40 வாக்கில். மே நடுவில் 5.47. சூரியன் எழுவதற்கு இருபது நிமிடம் முன்பே ஆள் முகம் தெரியும் வெளிச்சம் வந்துவிடும். அதாவது கோடை வரும்போது ஏறக்குறைய ஒரு மணி நேர வெளிச்சம் காலையில் கூடுதலாகக் கிடைக்கிறது, நாங்கள் எட்டரைக்குத்தான் வேலையைத் தொடங்கி அதைத் தூங்கிக் கழித்துக்கொண்டிருந்தோம். ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் இரண்டே முக்கால் மணி நேர வேலை கையில். நாளை நடுவில் பிளக்காமல் அப்படியே முன்னுக்கு நகர்த்தி, பன்னிரண்டுக்கு முடித்துவிட்டால் என்ன?

கூலி என்ன ஆகும் என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. எங்கள் தொழிலில் பன்னிரண்டு, ஒரு மணிக்குக் கிளம்பினால் அரை நாள் கூலி என்பது ஊர் வழக்கம். முழு நாள் கூலி என்று நான் சொன்னபோது நம்பவில்லை. வீட்டுக்காரரும் நம்பவில்லை, மதியம் வந்து பார்த்தால் சைட் காலியாக இருக்கும், ஏமாற்றுகிறேன் என்று நினைப்பார். இதற்கு என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. பையன் விழுந்த பிறகு, மணிக்கு எவ்வளவு வேலை ஓடுகிறது என்று ஏப்ரல் கடைசியில் ஒரு வாரம் எழுதியிருந்தேன். ஒரு கொத்தனார் ஒரு சித்தாளோடு ஒன்பது அங்குலச் சுவர் கட்டுவதை எடுத்துக்கொண்டேன். எட்டரை முதல் பத்தரை வரை சுமார் 170 செங்கல். டீக்குப் பிறகு ஒரு மணி வரை 130. சாப்பாடு முடிந்து இரண்டு முதல் மூன்றரை வரை 60. அதற்கப்புறம் ஐந்தரை வரை 90. மொத்தம் 450. இதில் மதியம் கட்டியதில்தான் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் பிசகு அதிகம், மறுநாள் காலை இரண்டு வரியைப் பிரித்துக் கட்டியதும் அந்த வாரத்தில் நடந்தது.

புதிய நேரத்தில், பழகிய பிறகு அதே கொத்தனாருக்கு எழுதினேன். 5.50 முதல் 8.15 வரை 210. சாப்பிட்டுவிட்டு 8.40 முதல் 10.30 வரை 150. மோர் குடித்துவிட்டு 10.45 முதல் 12 வரை 75. மொத்தம் 435. பதினைந்து செங்கல் வித்தியாசம். எல்லா வேலைக்கும் இந்தக் கணக்கு வரும் என்று சொல்ல மாட்டேன். மண் வேலையில், ஜல்லி ஏற்றுவதில் லாபமே வந்தது. டைல்ஸ், உள்பூச்சு மாதிரி நிழலில் நடக்கும் வேலையில் நேரம் குறைந்தது குறைந்ததுதான். ஆனால் நோட்டைக் காட்டியதும் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். வாயால் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

ஐந்தே முக்காலுக்கு வருவது சொல்வதற்கு எளிது. அதற்கு அவர்கள் வீட்டில் என்ன மாற வேண்டும் என்று கேட்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு அக்கா எட்டரைக்கு வர ஐந்தரைக்கு எழுகிறார். ஐந்தே முக்காலுக்கு வர வேண்டும் என்றால் மூன்றரைக்கு எழ வேண்டும், அதற்குள் பிள்ளைகளுக்கு இரண்டு வேளைக்குச் சமைக்க வேண்டும், தனக்கும் கட்டிக்கொள்ள வேண்டும். அவர்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஐந்தரைக்கு வரும். அதைப் பிடிக்காமல் வந்தால் வீட்டில் தண்ணீர் இல்லை. முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான்.

பஸ்ஸுக்குப் பதில் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரிடம் மாதத்துக்குப் பேசி, காலை அழைத்துவர, பன்னிரண்டேகாலுக்குக் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தேன். அந்தச் செலவு என்னுடையது. திரும்பும்போதுதான் அது அதிகம் தேவை. பன்னிரண்டு மணிக்கு வேலையை விட்டுவிட்டு நிழலில்லாத பஸ் ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்தால் காலை முழுக்கக் காப்பாற்றியதை அங்கே தொலைத்துவிடுவோம்.

காலைச் சாப்பாட்டை சைட்டிலேயே கொடுக்கத் தொடங்கினேன். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா கேழ்வரகுக் கூழ் காய்ச்சி விற்பார், அவரிடமே எட்டேகாலுக்குப் பதினாலு பேருக்குச் சொல்லிவைத்தோம். மோர் கலந்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும். டீக்கடை வடையைவிட இது நெஞ்சில் நிற்காமல் இறங்கும், உப்பும் நீரும் சேர்ந்தே உள்ளே போகும். அக்காக்களுக்கு ஒரு அடுப்பு வேலை மிச்சம், அரை மணி தூக்கம் கூடுதல்.

தண்ணீர் வரும் நாளுக்கு ஒரே வழிதான் இருந்தது. அந்தத் தெருக்காரர்கள் இரண்டு பேரும் அன்று ஆறே முக்காலுக்கு வரட்டும், கூலி குறையாது என்றேன். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், அதிலும் நியாயம் இருந்தது. பெரிய மேஸ்திரிதான் வழி சொன்னார். அந்த இருவரும் அன்று பன்னிரண்டே முக்கால் வரை இருந்து, தளத்துக்குக் கீழே நிழலில் எம்சாண்ட் சலிப்பது, ஆணி பிடுங்குவது, கருவிகளைக் கழுவி வைப்பது போன்ற வேலையை முடித்துவிட்டுப் போவது. அவர்களுக்கு அன்று தனி ஆட்டோ. முணுமுணுப்பு நின்றது.

தூக்கத்துக்கு மட்டும் என்னால் முழுத் தீர்வு காண முடியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டு வீடு இரவு பதினொன்று வரை ஆறாது. மூன்றரை, நாலுக்கு எழுகிறவருக்கு நாலரை மணி நேரத் தூக்கம்தான். முதல் வாரக் கடைசியில் ஒரு கொத்தனார் சாரத்தில் பலகை இருக்கிறது என்று நினைத்து இல்லாத இடத்தில் கால் வைத்தார், கையில் கம்பம் பிடிபட்டதால் தப்பினார். மதியம் வீட்டுக்குப் போய் வேப்பமரத்தடியிலோ கோயில் மண்டபத்திலோ இரண்டு மணி நேரம் படுத்தவர்கள் இரண்டாம் வாரத்தில் சரியாகிவிட்டார்கள். மதியத்தில் வேறு வேலைக்குப் போனவர் ஒருவர் இருந்தார், அவரைக் கூப்பிட்டுப் பேசி அதை நிறுத்தச் சொன்னேன். நாளை பிளக்காமல் ஒரே வேளையாக வைப்பதன் பெரிய லாபமே இந்த மதியத் தூக்கம். அப்புறம் முதல் வாரம் முழுக்க உயரத்தில் வேலை வைக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டேன். அரைகுறை வெளிச்சத்தில் சாரம் ஏறுவதும் கூடாது. ஐந்தே முக்கால் முதல் ஆறேகால் வரை செங்கல் எடுத்து அடுக்குவது, கலவை போடுவது, தண்ணீர் நனைப்பது என்று தரையில் இருக்கும் வேலை மட்டும்.

தண்ணீர் குடிப்பது பற்றி எல்லாரும் சொல்வார்கள், கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு டம்ளர் என்று. நானும் இரண்டு பெரிய கேன் வைத்து, விசில் அடித்துக் குடிக்கச் சொன்னேன். ஆண்கள் குடித்தார்கள். அக்காக்கள் டம்ளரை வாங்கி, வாயை நனைத்துவிட்டுக் கீழே ஊற்றினார்கள். எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. சைட்டில் கழிப்பறை இல்லை. ஆண்கள் பக்கத்துக் காலி மனைக்குப் போவார்கள். பெண்கள் காலையில் வீட்டை விட்டால் மறுபடி வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும், அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. இத்தனை வருடம் என் சைட்டில் நடந்ததை நான் கவனிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. தகர ஷீட் நாலு, பீங்கான் ஒன்று, இரண்டு உறை இறக்கிய குழி, உள்பக்கம் தாழ்ப்பாள், ஒரு டிரம் தண்ணீர். ஒன்றரை நாள் வேலை. இப்போது அஸ்திவாரத்துக்குக் குறி போடும் நாளே அதைக் கட்டிவிடுகிறேன். முதல் தடவை கட்டிய அடுத்த வாரமே தண்ணீர் கேன் பத்து மணிக்கே காலியானது.

நேரம் சரியானதும், அந்த நேரத்துக்குள் எந்த வேலையை எங்கே வைப்பது என்ற கணக்கு வந்தது. பூச்சு வேலையில் ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் எல்லாரும் தெற்குச் சுவர்தான் வெயில் சுவர் என்று நினைத்திருந்தோம். தை, மாசியில் அது உண்மை, அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஆனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே வந்துவிட்டு, அதற்கப்புறம் வடக்கே நகர்ந்துவிடுகிறது. மே மாதம் முழுக்க அது வடகிழக்கில் எழுந்து, உச்சியிலும் கொஞ்சம் வடக்காகவே கடந்து, வடமேற்கில் மறைகிறது. அதனால் கத்திரியில் தெற்குச் சுவரின் வெளிமுகத்தில் நாள் முழுக்க நேர் வெயில் படாது. உச்சி நேரத்தில் அந்த நிழல் ஒரு அடி அகலம்தான் இருக்கும், ஆள் நிற்கப் போதாது, ஆனால் சுவர் நிழலில் இருக்கும். காலை ஆறு முதல் பத்து வரை மேற்கு, தெற்குச் சுவர்கள் இரண்டும் நிழல். எனவே வெளிப்பூச்சை மேற்கில் தொடங்கி, பத்துக்கு மேல் தெற்குக்கு நகர்த்துகிறோம். கிழக்கு, வடக்குச் சுவர்களை ஜூனுக்குத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவிடுவேன். ஆளுக்கும் நல்லது, பூச்சு அதிவேகமாகக் காய்ந்து மயிர்வெடிப்பு விடுவதும் குறைந்தது.

கம்பி வளைப்பதை எட்டுக்குள் முடித்துவிட வேண்டும். வெயிலில் கிடந்த கம்பியைப் பத்து மணிக்கு மேல் வெறுங்கையால் பிடிக்க முடியாது. வெட்டிய கம்பிகளை முந்தின நாளே நிழலுக்குள் இழுத்துப் போட்டுவிடுகிறோம்.

நேரப்பட்டியலுக்குள் அடங்காத வேலை ஒன்றுதான், ரூஃப் கான்கிரீட். தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாமல் அந்தக் கோட்டில் பின்னால் நீர் கசியும். 950 சதுர அடித் தளம், பீம்களோடு சேர்த்து, லிப்ட் வைத்த மிக்சர் ஒன்றில் ஆறு, ஆறரை மணி நேரம் ஆகும். கான்கிரீட்டுக்கு மட்டும் பார்த்தால் மாலையில் தொடங்குவது நல்லது, இரவுக் குளிர்ச்சியில் இறுகும். ஆனால் ஐந்துக்குத் தொடங்கினால் இரவு பதினொன்றரை. பகல் முழுக்கக் காய்ந்த தகட்டின் மேல் நின்று தொடங்க வேண்டும், கடைசி மட்டம் போடுவது விளக்கு வெளிச்சத்தில், அப்புறம் பெண்கள் வீடு போக வேண்டும். ஒருமுறை செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இப்போது காலை நாலேகாலுக்குத் தொடங்குகிறோம். முந்தின நாள் மாலைக்குள் கம்பி, கவர் பிளாக், கரண்ட் பைப் எல்லாம் பார்த்து முடித்து, மிக்சரையும் வைப்ரேட்டரையும் ஓட்டிப் பார்த்து, சிமெண்ட் மூட்டைகளை மிக்சர் பக்கம் நிழலில் அடுக்கி, நாலு மூலையிலும் போகஸ் லைட் கட்டிவிடுவோம். ஜல்லியை இரவு முழுக்க ஈரமாக வைப்போம். பக்கத்து வீடுகளுக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவேன், சத்தம் கேட்டு எழுந்தபின் சொல்வதும் முன்கூட்டிச் சொல்வதும் ஒன்றல்ல. அன்றைக்கு மட்டும் பெண்களை ஆறுக்கு மேல் வரச் சொல்லி, முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஆண்களைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வோம். பத்தே முக்காலுக்கு முடிந்துவிடும்.

இதில் விலை ஒன்று உண்டு. காலையில் போட்ட தளம் பச்சையாக இருக்கும்போதே உச்சி வெயிலைச் சந்திக்கிறது. முதல் தடவை பன்னிரண்டு மணிக்கே மேல்பரப்பில் கோழிக்கால் போட்ட மாதிரி வெடிப்பு ஓடியது. கீழிருந்து ஊறி வரும் நீரைவிட வெயிலும் காற்றும் வேகமாக இழுத்துவிட்டால் அப்படி ஆகும். இப்போது முதலில் போட்ட பகுதியில் மட்டம் முடிந்ததுமே பாலிதீன் ஷீட்டை மூடிக்கொண்டே பின்னால் வருகிறோம், மற்றவர்கள் முன்னால் போட்டுக்கொண்டிருக்கும்போதே. மேலே கால் வைத்தால் தடம் பதியாத அளவு இறுகியதும் நனைத்த கோணிச் சாக்கு. மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது. மூட ஒரு ஆளைத் தனியாக ஒதுக்க வேண்டும், “கடைசியில் மூடிக்கொள்ளலாம்” என்றால் மூடவே மாட்டார்கள்.

ஆஸ்பத்திரிப் பாடத்தையும் நேரப்பட்டியலில் சேர்த்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பில் போய் வந்தவரும் புதிதாகச் சேர்ந்தவரும் முதல் நாள் எட்டேகால் சாப்பாடு வரைதான் வெயிலில். அப்புறம் நிழல் வேலை. ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் கூட்டி, ஐந்தாம் நாள்தான் முழு நேரம். கூலி முழுசாகவே கொடுக்கிறேன், இல்லாவிட்டால் பழகிவிட்டேன் என்று பொய் சொல்வார்கள். அவரோடு ஒரு பழைய ஆளை ஜோடி போட்டு, “பேச்சு மாறினால் உடனே சொல்லுங்க அண்ணே” என்று சொல்லிவைப்பேன்.

பழைய நேரத்துக்கு எப்போது திரும்புவது என்பதில் தேதி வைத்தேன், அது தப்பாகப் போனது. கத்திரி மே 28 வாக்கில் முடிகிறது என்று ஜூன் 1-இல் எட்டரைக்கு மாற்றினேன். முதல் வாரமே மே மாதத்தைவிட மோசமாகக் காய்ந்தது, இரண்டு பேருக்குத் தலைசுற்றல். இப்போது சாயங்கால மழை தொடர்ந்து நாலைந்து நாள் வந்து, இரவில் புழுக்கம் குறைந்து, ஆட்கள் தாங்களே நன்றாகத் தூங்கினோம் என்று சொன்ன பிறகுதான் மாற்றுகிறேன். ஒரேயடியாக அல்ல, முதலில் ஏழு முதல் இரண்டு, அப்புறம் எட்டரை.

போன வருடம் அப்படி மாற்றப் போனபோது சித்தாள் அக்காக்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஏழு முதல் இரண்டு என்பதை அப்படியே விட்டுவிட முடியுமா என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்கிறதாம். கொத்தனார்களுக்கு அது பிடிக்கவில்லை, அவர்களுக்கு எட்டரைதான் வேண்டும். கொத்தனார் இல்லாமல் சித்தாளுக்கு வேலை இல்லை. ஒரு கொத்தனாரும் இரண்டு அக்காக்களும் மட்டும் ஏழுக்கு வந்து கலவைக்கும் கியூரிங்குக்கும் முன்வேலை பார்ப்பது என்று இப்போதைக்கு ஓடுகிறது. இந்த வருடம் மாசி பிறந்ததும் முதல் வேலையாக அந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நேரம் மாறியிருக்கிறது, ஐந்தரைக்குப் பதில் இப்போது நாலே முக்காலுக்கு விடுகிறார்களாம்.